பொதுக்குழுவில் வாசித்த 2024-25 கணக்கு: குடியிருப்போர் கேட்ட கேள்விகளும் பொருளாளரின் பதில்களும்

ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார்களை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலி போட்டு நடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்க எனக்குக் கிடைத்தது 20 நிமிடம். அதில் பாதி நேரம் வாசிப்பை நிறுத்திப் பதில் சொல்வதிலேயே போய்விட்டது. 48 வீடுகளில் 29 வீட்டிலிருந்துதான் வந்திருந்தீர்கள். வராதவர்கள் அன்று இரவிலிருந்தே லிப்ட் வாசலிலும் பால் வாங்கப் போகும் வழியிலும் என்னைப் பிடித்துக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நம் கணக்கின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் நம்முடையது இரண்டு பிளாக். 950 சதுர அடியில் 32 வீடுகள், 1,300 சதுர அடியில் 16 வீடுகள். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய். சின்ன வீட்டுக்கு 2,850, பெரிய வீட்டுக்கு 3,900. எல்லோரும் கட்டினால் மாதம் 1,53,600 ரூபாய், வருடத்துக்கு 18,43,200 ரூபாய்.

வரவேண்டியது 18,43,200. வந்தது 19,08,150ன்னு படிச்சீங்க. அதிகமா வந்திருக்கே சார், அப்புறம் எங்க பாக்கி?

அன்றைக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான். கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்தார். பாஸ்புக்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் நாம் வசூலில் சாதனை படைத்த மாதிரிதான் தெரியும்.

அந்த 19,08,150 ரூபாயில் மூன்று வருடத்துப் பணம் கலந்திருக்கிறது. போன வருடப் பாக்கியை ஒரு வீட்டுக்காரர் மொத்தமாகக் கட்டினார், 34,200 ரூபாய். நான்கு வீட்டுக்காரர்கள் மாதாமாதம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று 2025-26க்கான முழுப் பணத்தையும் மார்ச்சிலேயே கட்டிவிட்டார்கள், 1,36,800 ரூபாய். இப்படி முன்பணம் வாங்கியது இதுதான் முதல் தடவை. இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சும் 17,37,150 ரூபாய்தான் 2024-25 கணக்குக்கு உரியது. வரவேண்டிய 18,43,200 ரூபாயில் அதைக் கழியுங்கள். 1,06,050 ரூபாய் வரவில்லை.

அதோடு, போன வருடத்துப் பாக்கி 1,02,600 ரூபாயில் 34,200 வந்ததுபோக 68,400 இன்னும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் மார்ச் 31 அன்று மொத்தப் பாக்கி 1,74,450 ரூபாய்.

பேங்க்ல கிட்டத்தட்ட மூணு லட்சம் இருக்கு. ஆனா பணம் இல்லைன்னு சொல்றீங்க. எது உண்மை?

இரண்டும் உண்மை. மார்ச் 31 அன்று நம் நடப்புக் கணக்கில் இருந்தது 2,93,980 ரூபாய். ஆனால் அதில் எவ்வளவு நம்முடையது என்பதுதான் விஷயம்.

நான்கு வீட்டு முன்பணம் 1,36,800 ரூபாய் அடுத்த வருடத்துக்கு உரியது. அந்த நான்கு பேருக்கும் வருடம் முழுக்க நாம் தண்ணீரும் வெளிச்சமும் தந்தாக வேண்டும், கட்டணம் ஏறினால் வரும் வித்தியாசம் தவிர அவர்களிடம் இனி ஒரு ரூபாய் கேட்க முடியாது. அடுத்து, செக்யூரிட்டி ஏஜென்சியின் மார்ச் பில் 54,870 ரூபாய். அது மார்ச் செலவு, ஆனால் செக் போனது ஏப்ரலில். எனவே பணம் மார்ச் 31 அன்று பேங்கில் இருந்தாலும் ஏஜென்சிக்குச் சேர வேண்டியது. இந்த இரண்டையும் எடுத்து வைத்தால் நமக்கென்று நிற்பது 1,02,310 ரூபாய். போன வருடம் ஏப்ரல் 1 அன்று இதே மாதிரி நமக்கென்று நின்றது 1,46,000 ரூபாய். ஆக இந்த வருடம் நாம் 43,690 ரூபாய் இளைத்திருக்கிறோம், பேங்க் இருப்பு இரண்டு மடங்காகத் தெரிந்தாலும்.

இன்னொன்றையும் கவனித்தேன். நெடுநாளாகக் கட்டாத இரண்டு வீடுகளின் இரண்டு வருடப் பாக்கி 1,36,800 ரூபாய். நான்கு வீட்டு முன்பணமும் 1,36,800 ரூபாய். தற்செயல்தான், ஆனால் நடந்திருப்பது என்னவோ அதேதான்: ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் அடுத்த வருடப் பணம், கட்டாதவர்கள் போட்ட பள்ளத்தை மூடி வைத்திருக்கிறது. இதனால்தான் இனி முன்பணத்தைத் தனியாக ஒரு சிறிய டெபாசிட்டில் போட்டு, மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுக்கப்போகிறேன்.

ஆடிட்டர் ரிப்போர்ட்ல 28,160 ரூபா உபரின்னு போட்டிருக்கே. அவர் தப்பா போட்டாரா?

தப்பில்லை. ஆடிட்டர் வரவேண்டியதை வரவாகவே எடுத்துக்கொள்வார். 18,43,200 ரூபாய் வரவு, 18,15,040 ரூபாய் செலவு, வித்தியாசம் 28,160 ரூபாய் உபரி. எல்லோரும் கட்டியிருந்தால் நம் கையில் நிற்க வேண்டிய பணம் அது.

ஆனால் இந்த வருடத்துக்கென்று கைக்கு வந்தது 17,37,150 ரூபாய்தானே. அதை வைத்து 18,15,040 ரூபாய் செலவு செய்தால் 77,890 ரூபாய் துண்டு விழுகிறது. 28,160 உபரிக்கும் 77,890 துண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள், 1,06,050 வரும். இந்த வருடப் பாக்கி எவ்வளவோ அதே தொகை. ஆடிட்டர் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது உபரியைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாமல், பின்பக்கம் 'உறுப்பினர்களிடமிருந்து வரவேண்டியது' என்ற வரியையும் போன வருடத்து அதே வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உபரியைவிட அந்த வரி வேகமாக வளர்ந்தால் உபரி காகிதத்தில்தான் இருக்கிறது. நம்முடையது 1,02,600லிருந்து 1,74,450 ஆகியிருக்கிறது.

செலவு எதுல சார் ஏறிச்சு?

பெரிய செலவு எது என்று கேட்டால் செக்யூரிட்டி. மூன்று ஆட்கள், ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு மாதம் 54,870, வருடத்துக்கு 6,58,440 ரூபாய். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த ஜிஎஸ்டியை நம்மால் திரும்ப எடுக்கவும் முடியாது, நம் சங்கம் ஜிஎஸ்டி பதிவில் இல்லை. அதற்கடுத்து துப்புரவு ஆட்கள் சம்பளமும் சாமான்களும் 3,06,000. பொதுக் கரண்ட் 2,52,000. இவை எதிர்பார்த்தவைதான். கரண்ட் மட்டும் 2024 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 8 ரூபாய் 55 காசானதால் கொஞ்சம் கூடியது. பலருக்குத் தெரியாத விஷயம்: வீட்டு மீட்டருக்கு உள்ள 100 யூனிட் இலவசம் லிப்டுக்கும் மோட்டாருக்கும் ஓடும் பொது மீட்டருக்குக் கிடையாது.

எதிர்பாராமல் ஏறியது தண்ணீர் லாரி. பட்ஜெட்டில் 70 லோடு போட்டிருந்தோம், ஒரு லோடு 1,800 ரூபாய் கணக்கில் 1,26,000. வாங்கியது 118 லோடு, 2,12,400 ரூபாய். மே கடைசியில் பி பிளாக் போர்வெல் காற்றைத்தான் தள்ளியது. காற்றை இழுத்தே ஓடி மோட்டார் சூடேறி வைண்டிங் எரிந்தது. மோட்டாரை வெளியே எடுத்து ரீவைண்டிங் முடிந்து இறக்க ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் இரண்டு பிளாக்கும் லாரியில்தான் ஓடின. பழுதுபார்ப்பு என்ற தலைப்பில் உள்ள 1,34,000 ரூபாயில் கணிசமான பகுதி இந்த மோட்டாருக்குப் போனது. தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றை இப்போது மாட்டியிருக்கிறோம். அதைப் போன வருடமே மாட்டியிருக்க வேண்டும், அது கமிட்டியின் தவறு.

லாரி விஷயத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது, நியாயமானது: 118 லோடும் உண்மையிலேயே வந்ததா? ஒவ்வொரு லோடுக்கும் வாட்ச்மேன் நோட்டில் நேரம், வண்டி எண், லாரி வரும் முன்பும் இறக்கிய பின்பும் சம்ப்பில் தண்ணீர் எத்தனை அங்குலம் என்பது இருக்கிறது. ஜூன் மாத நோட்டை பில்லோடு ஒப்பிட்டபோது பில்லில் இரண்டு லோடு கூடுதலாக இருந்தது, அதைக் கழித்துத்தான் பணம் கொடுத்தோம். 12,000 லிட்டர் லாரி இறக்கினால் நம் சம்ப்பில் மட்டம் எவ்வளவு ஏற வேண்டும் என்பது சுவரில் பெயிண்டில் குறித்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தொடாத லாரியைக் கையெழுத்துப் போடாமல் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

மீதி எல்லாம் சின்னவை: இரண்டு லிப்டுக்கும் ஏஎம்சி 1,06,200, ஜெனரேட்டர் டீசல் 48,000, ஆடிட்டும் அலுவலகச் செலவும் 38,000, இன்சூரன்ஸ் 32,000, சம்ப் மற்றும் மாடித் தொட்டி கழுவ 28,000. பொங்கல் விழாவுக்கு இதில் ஒரு பைசா போகவில்லை, அது தனி வசூல்.

கட்டாதவங்க பேரை ஏன் படிக்கல? யாருன்னு தெரிஞ்சா தானே கட்டுவாங்க.

மைக்கில் பெயரைப் படித்து வெட்கப்படுத்தி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, பாக்கியை எல்லாம் ஒரே குவியலாகப் பார்ப்பதே தவறான படம் தரும். எத்தனை நாள் பழையது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1,74,450 ரூபாயில் 14,250 ரூபாய் ஐந்து வீட்டு மார்ச் மாதப் பணம். சம்பளம் வந்ததும் கட்டுவோம் என்றார்கள், ஏப்ரல் 10க்குள் ஐந்து பேரும் கட்டிவிட்டார்கள். இவர்களைப் பாக்கிக்காரர் என்று சொன்னால் அது அநியாயம். 23,400 ரூபாய் இரண்டு பெரிய வீடுகளின் மும்மூன்று மாதப் பணம். இருவரிடமும் பேசியாகிவிட்டது, தவணையில் கட்டுகிறார்கள். மீதி 1,36,800, அதாவது ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டே இரண்டு வீட்டில் நிற்கிறது. இரண்டிலும் 2023 ஏப்ரலிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை.

இதில் கவலைப்பட வேண்டியது தொகையைவிடத் தேதி. வராத பணத்துக்காக வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் பொதுவாக மூன்று வருடம். 2023 ஏப்ரல் மாதப் பணத்துக்கு அந்தக் காலம் 2026 ஏப்ரலில் முடிகிறது. அதற்குப் பிறகு மே, ஜூன் என்று ஒவ்வொரு மாதமாக நம் கையை விட்டு நழுவத் தொடங்கும். காலம் முடிவதற்குள் 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று அவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். ஆகவே இப்போது நான் இருவரிடமும் முதலில் கேட்பது பணத்தைக்கூட அல்ல, பாக்கியை ஒப்புக்கொள்ளும் அந்தக் கடிதத்தை. ஒருவர் தந்துவிட்டார். இன்னொருவருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போயிருக்கிறது. செப்டம்பருக்குள் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், இது பொதுக்குழு தீர்மானம்.

தண்ணி பைப்பை மூடுங்க, ஒரே நாள்ல பணம் வந்துரும்!

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், ஆனால் கை தட்டியவர்களும் இருந்தார்கள். குடிநீரையும் கரண்டையும் நிறுத்துவது வசூல் வழி ஆகாது. போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியது செயலாளரும் நானும்தான். நம் விதிகளில் இருப்பதைச் செய்யலாம்: தாமதக் கட்டணம், ஓட்டுரிமை நிறுத்தம், விற்கும்போது பாக்கி இல்லை என்ற கடிதம் தர மறுப்பது. கடைசியில் சொன்னதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது. மேலே சொன்ன 34,200 ரூபாய் மொத்தமாக வந்ததும் வீடு விலைபேசி முடிந்த வாரத்தில்தான்.

மொட்டைமாடி ஒழுகி என் பெட்ரூம் சுவர் ஓதம் பிடிச்சு கிடந்துச்சு. அதை சரி பண்ற வரைக்கும் கட்ட மாட்டேன்னு சொன்னது தப்பா?

கேட்ட அண்ணனுக்கு அன்று கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை, குரல்கள் எழுந்துவிட்டன. இப்போது சொல்கிறேன்.

ஒழுகியது உண்மை. 2023 மழையிலேயே நீங்கள் போட்டோவோடு கடிதம் கொடுத்தீர்கள். கமிட்டி இரண்டு கொட்டேஷன் வாங்கி, விலையைப் பார்த்துப் பயந்து, விரிசலில் சிமென்ட் பூசி விட்டுவிட்டது. அடுத்த மழையில் மறுபடி ஒழுகியது. தண்ணீர் இறங்கியது பூசிய விரிசலில் இல்லை, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும் மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றியும்தான். 2025 பிப்ரவரியில்தான் தட்டோடு பெயர்த்து, மூலைகளை வளைத்துப் பூசி, வாட்டம் சரிசெய்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தோம். ஒன்றரை வருடம் தாமதம், எங்கள் பொறுப்பு.

ஆனால் நிறுத்தி வைத்த பணம் மொட்டைமாடியைத் தண்டிக்கவில்லை. அந்த 68,400 ரூபாய் இல்லாததால் தடுமாறியது லாரி பில்லும் வாட்ச்மேன் சம்பளமும்தான். வீட்டுக்குள் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதைத் தனியாகக் கடிதமாகக் கொடுங்கள், கமிட்டி பார்வையிட்டு பெயிண்ட் செலவை முடிவு செய்யும். மெயின்டனன்ஸை 'ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்' என்று எழுதிக் கட்டலாம், அதனால் உங்கள் உரிமை எதுவும் குறையாது. பாக்கி ஒப்புதல் கடிதம் கொடுத்தவர் இவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

நாங்க வெளிநாட்டுல இருக்கோம், வீடு பூட்டியே கிடக்கு. தண்ணியும் இல்ல, லிப்டும் இல்ல. பாதி கட்டினா போதாதா?

வீடு பூட்டிக் கிடந்தாலும் வாட்ச்மேன் அந்தக் கதவையும் சேர்த்துத்தான் காக்கிறார். உண்மையில் குறைகிறது எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆள் இருந்தால்தான் செலவாகும் என்று சொல்லக்கூடியது லாரித் தண்ணீர் ஒன்றுதான், சின்ன வீட்டின் பங்கு வருடத்துக்கு 4,000 ரூபாய்க்குப் பக்கம். கட்ட வேண்டியதோ 34,200. சலுகை கேட்டால் அந்தத் தண்ணீர்ப் பங்குக்குக் கேட்கலாம், பொதுக்குழு யோசிக்கும். பாதி என்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

கார்பஸ் 19,60,000 இருந்துச்சு. இப்ப 16,93,260. எங்க போச்சு?

கார்பஸ் என்பது 2013ல் பில்டர் சாவி கொடுக்கும்போது சதுர அடிக்கு 40 ரூபாய் வீதம் நாம் எல்லோரும் ஒரே தடவையாகக் கட்டிய பணம், 20,48,000 ரூபாய். தினசரிச் செலவுக்கு அல்ல, வருடக்கணக்கில் ஒருமுறை வரும் பெரிய வேலைக்கு. எட்டு ஃபிக்சட் டெபாசிட்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம்.

இந்த வருடம் வட்டி 1,31,400 வந்தது. அதில் பேங்க் 10 சதவீதம், 13,140 ரூபாய், டிடிஎஸ் பிடித்துக்கொண்டது. கைக்கு வந்த 1,18,260 ரூபாயை 19,60,000த்தோடு கூட்டி, மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங் செலவு 3,85,000 ரூபாயைக் கழித்தால் 16,93,260 வரும். வேறு எதற்கும் செலவாகவில்லை. சதுர அடிக்கு இப்போது 33 ரூபாய் நிற்கிறது.

33 ரூபாய் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2013ல் 40 ரூபாய்க்கு என்ன வேலை நடந்திருக்குமோ அது இன்று நடக்காது. வெளிப்புறப் பெயிண்டிங்குக்கு வாங்கிய கொட்டேஷன் 11,50,000 ரூபாய். அதைச் செய்துவிட்டால் மிஞ்சுவது ஐந்தரை லட்சத்துக்கும் கீழே. இரண்டு லிப்டுக்கும் பன்னிரண்டு வயது ஆகிறது. மாற்ற வேண்டிய நாள் வரும்போது அந்த ஐந்தரை லட்சம் ஒரு லிப்டுக்குக்கூடக் காணாது.

ஜூலைல கார்பஸ் டெபாசிட் ஒண்ணை உடைச்சீங்களாமே, அதை ஏன் சொல்லல?

உடைத்தோம். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஜூன், ஜூலை லாரி பில்லும் மோட்டார் பில்லும் ஒன்றாக வந்தன. மெயின்டனன்ஸ் கணக்கில் 20,000 ரூபாய்கூட இல்லை. ஏஜென்சி சம்பளம் கொடுக்காவிட்டால் ஆட்களை எடுத்துவிடும் என்றது. 1,00,000 ரூபாய் டெபாசிட் ஒன்றை உடைத்துக் கைமாற்றாக எடுத்தோம். நவம்பரில் திரும்பப் போட்டுவிட்டோம், அதனால்தான் ஆண்டுக் கணக்கில் அது தெரியாது. நாலு மாத வட்டியும், முன்கூட்டி உடைத்ததற்கான ஒரு சதவீதக் குறைப்பும் சேர்ந்து சுமார் 3,000 ரூபாய் நட்டம்.

கார்பஸ் கரைவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு நாளும் யாரும் கார்பஸை எடுத்துச் செலவு செய்வோம் என்று தீர்மானம் போடுவதில்லை. பாக்கி வரவில்லை, அவசரம், ஒரு கைமாற்று. அடுத்த வருடம் இன்னொன்று. நாலைந்து வருடத்தில் திரும்பப் போட வேண்டியது எவ்வளவு என்பதே மறந்துவிடும். எனவே புதுத் தீர்மானம்: கார்பஸிலிருந்து எந்தத் தொகை எடுத்தாலும் ஏழு நாளைக்குள் நோட்டீஸ் போர்டில் தொகை, காரணம், திரும்பப் போடும் தேதி மூன்றும் ஒட்ட வேண்டும். 1,00,000 ரூபாய்க்கு மேல் என்றால் பொதுக்குழு அனுமதி முதலில்.

நம்ம காசை நாமே போட்டு நாமே செலவு பண்றோம். இதுக்கு எதுக்கு வருமான வரி?

நீங்கள் கட்டும் மெயின்டனன்ஸுக்கு வருமான வரி இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்களுக்கே செலவழிக்கும் பணம் வருமானம் ஆகாது. ஆனால் பேங்க் தரும் வட்டி வெளியாளிடமிருந்து வருவது. ஒரு பெங்களூர் கிளப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நம் வட்டி 1,31,400தான், வரி வரம்புக்குள் இருப்பதால் ரிட்டர்ன் போட்டு 13,140 ரூபாயைத் திரும்பக் கேட்கிறோம். வந்ததும் கார்பஸில் சேரும்.

மெயின்டனன்ஸ் மேல ஜிஎஸ்டி போடுவாங்களா?

ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டாத வரை இல்லை. நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை.

அப்ப அடுத்த வருஷம் எவ்வளவு ஏத்தப் போறீங்க?

இரண்டு கோரிக்கை வைத்தேன், ஒன்று நிறைவேறியது.

முதலாவது தினசரிச் செலவுக்கு. செக்யூரிட்டி ஆட்களுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் ஏறுகிறது, ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு 42,480. மற்றதையும் சேர்த்து 2025-26 செலவு 18,90,000 ரூபாய்க்கு வரும் என்று மதிப்பிட்டிருக்கிறேன். மூன்று ரூபாயிலேயே நின்றால் எல்லோரும் கட்டினாலும் 46,800 குறையும். 20 காசு கூட்டினால் வருடத்துக்கு 1,22,880 அதிகம் வரும். சின்ன வீட்டுக்கு மாதம் 190, பெரிய வீட்டுக்கு 260 ரூபாய். இது நிறைவேறிவிட்டது. முன்பணம் கட்டிய நான்கு வீட்டுக்காரர்களிடம் வித்தியாசத்தைத் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது பெரிய வேலைகளுக்கான தனி நிதி, சதுர அடிக்கு 50 காசு. மாதம் 25,600, வருடத்துக்கு 3,07,200. இதை ஒத்திவைத்தீர்கள். சின்ன வீட்டுக்கு 475 ரூபாய் கூடுதல் என்பது ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்குச் சுமை என்று சொன்ன மாமியின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்று என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிதி சேர்க்காவிட்டால் லிப்ட் நிற்கும் வருடத்தில் ஒரே தடவையாக வீட்டுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கேட்டு நிற்போம், அப்போதும் அதே மாமி நாலாவது மாடியிலிருந்து படி இறங்கிக்கொண்டிருப்பார். பெயிண்டிங்கை ஒரு வருடம் தள்ளிவைத்தால் 50 காசை 30 காசாகக் குறைக்கலாமா என்று போட்டுப் பார்க்கிறேன். செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தில் இரண்டு கணக்கும் உங்கள் முன் இருக்கும்.

நான் ஒழுங்கா கட்டிட்டேன். ஜனவரி பாக்கி லிஸ்ட்ல என் வீடு எப்படி வந்துச்சு?

உங்கள் பணம் வந்தது. ஜிபேயில் உங்கள் மகன் பெயரில் வந்தது, குறிப்பில் வீட்டு எண் இல்லை. மூன்று மாதப் பணம் யாருடையது என்று தெரியாமல் 'அடையாளம் தெரியாத வரவு' என்ற தலைப்பில் கிடந்தது. ஆடிட்டுக்கு முன் சரிசெய்துவிட்டோம், லிஸ்டில் போட்டதற்கு வருந்துகிறேன். பணம் அனுப்பும்போது குறிப்பில் பிளாக், வீட்டு எண், எந்த மாதம் என்ற மூன்றையும் போடுங்கள். உதாரணத்துக்கு, பி 304 ஜூலை. வாடகைக்கு இருப்பவர் கட்டினாலும் இதே மாதிரிதான். அவர் கட்டாமல் விட்டால் நாங்கள் கேட்கப்போவது உரிமையாளரைத்தான்.

பில், வவுச்சர் எல்லாம் பார்க்கலாமா?

சனிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து ஏழரை வரை ஏ பிளாக் கீழ்த்தள அறையில் ஃபைல் திறந்திருக்கும். லாரி நோட்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். வரும்போது உங்கள் வீட்டு ரசீதுகளைக் கொண்டுவாருங்கள், என் லெட்ஜரில் உங்கள் பக்கத்தோடு அங்கேயே ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதுவரை பதினோரு வீடு முடிந்திருக்கிறது.